வரி கட்டியாச்சு, வரவு ஏறலை: சலான் எண் தவறிய டி.டி.எஸ். அறிக்கையைத் திருத்துவது எப்படி?

கோயம்புத்தூரில் ஓர் உதிரிபாகப் பட்டறைக்கு நான்தான் டி.டி.எஸ். வேலை பார்க்கிறேன். 2024 அக்டோபரில் காலாண்டு அறிக்கை பதியும்போது ஒரு சலானின் எண்ணை 04127 என்று போடுவதற்குப் பதில் 04172 என்று அடித்துவிட்டேன். கடைசி இரண்டு எண்கள் இடம் மாறின, அவ்வளவுதான். பத்து மாதம் யாரும் கவனிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் எங்களுக்கு வெல்டிங் வேலை செய்து தரும் பட்டறைக்காரர் போன் செய்தார். "ஏனுங்க மேடம், நீங்க புடிச்ச ரெண்டாயிரத்து நானூறு ரூபா கவர்மென்ட்ல கட்டலைங்களா? ரீஃபண்டுல அதைக் கழிச்சுட்டுத்தான் போட்டிருக்காங்க."

கட்டியிருந்தோம், கெடு தேதிக்குள்ளேயே. பணம் அரசின் கணக்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் அது யாருக்காகக் கட்டிய பணம் என்று சொல்லும் இழையை நான் அறுத்துவிட்டிருந்தேன். அந்த இழையை மறுபடி எப்படிக் கட்டுவது, அதுவரை அவரைப் போன்றவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. டி.டி.எஸ். வேலைக்குப் புதியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இரண்டு நோட்டுகள், ஒரு முகவரி

ஒருவருக்குக் கூலி, வாடகை, தொழில்முறைக் கட்டணம் கொடுக்கும்போது அதில் ஒரு பகுதியை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறோம். பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் 281ஆம் எண் சலானில் கட்டுகிறோம். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை பதிகிறோம். சம்பளம் அல்லாத, இந்தியாவில் வசிப்பவர்களுக்கான பிடித்தம் என்றால், 2026 மார்ச் வரையான காலாண்டுகளுக்கு அது 26Q.

சட்டத்தில் பிடிப்பவருக்கு ஒரு பெயர், பிடிக்கப்பட்டவருக்கு ஒரு பெயர். தமிழில் "பிடிபட்டவர்" என்று எழுதினால் திருடனைச் சொல்வது போல ஆகிவிடும். அதனால் இங்கே பிடித்தவர், பெறுநர் என்றே சொல்கிறேன்.

இதில் அரசிடம் இரண்டு நோட்டுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நோட்டு வங்கியிலிருந்து வருவது. வரி பிடிப்பவருக்குத் துறை தரும் டான் எண்ணில் இன்னார் இந்தத் தேதியில் இவ்வளவு கட்டினார் என்று அதில் இருக்கும். யாருக்காகக் கட்டினார் என்பது இருக்காது. இரண்டாவது நோட்டு நாம் பதியும் அறிக்கை. இன்னாரிடம் இவ்வளவு பிடித்தோம், அதை இந்தச் சலானில் கட்டினோம் என்று அதில் இருக்கும். பெறுநரின் பான் எண் இதில் மட்டும்தான் உண்டு.

இரண்டையும் இணைப்பது சலானின் அடையாளம். வங்கிக் கிளையின் ஏழு இலக்க பி.எஸ்.ஆர். குறியீடு, பணம் கட்டிய தேதி, ஐந்து இலக்கச் சலான் எண், இவை மூன்றும் சேர்ந்ததுதான் அது. ஒரு கடிதத்துக்கு ஊர், தெரு, கதவு எண் போல. இவற்றோடு டானும் தொகையும் ஒத்துப்போனால் பெறுநரின் பெயரில் வரவு ஏறும். கதவு எண் ஒன்று தப்பினாலும் கடிதம் போய்ச் சேராது.

எங்கள் கணக்கில் நடந்தது

2024 செப்டம்பரில் மூன்று பேருக்குக் கூலி வேலைக்காகப் பணம் கொடுத்தோம். வெல்டிங் பட்டறைக்காரர் தனிநபர். அவருடைய பில் 2,40,000 ரூபாய், 1 சதவீதம் பிடித்தது 2,400 ரூபாய். பவுடர் கோட்டிங் செய்யும் கூட்டாண்மை நிறுவனத்துக்கு 5,00,000 ரூபாய், 2 சதவீதம் 10,000 ரூபாய். பிளேட்டிங் செய்யும் இன்னொரு கூட்டாண்மைக்கு 3,00,000 ரூபாய், அதில் 6,000 ரூபாய். மூன்றும் ஒப்பந்த வேலைக்கான 194C பிரிவு. மொத்தம் 18,400 ரூபாயை அக்டோபர் 7 அன்று ஒரே சலானில் கட்டினோம்.

அக்டோபர் கடைசி வாரத்தில் 26Q பதிந்தேன். பதியும் முன்பு கோப்பைச் சரிபார்க்கும் எஃப்.வி.யு. மென்பொருளில், நாம் கட்டிய சலான்களின் பட்டியலான சி.எஸ்.ஐ. கோப்பையும் ஏற்ற வேண்டும். ஏற்றினேன். பொருந்தாத சலான் இருந்தால் அந்த மென்பொருள் தனியாக ஓர் எச்சரிக்கைக் கோப்பை உருவாக்கும். பதிவேற்ற வேண்டிய கோப்பும் கூடவே வந்துவிட்டதால், எச்சரிக்கையைத் திறந்தே பார்க்கவில்லை. நம்மில் பாதிப் பேர் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். பி.எஸ்.ஆர். குறியீட்டின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்செல் தின்றுவிட்டால் இலக்கம் குறைகிறது என்று மென்பொருள் உடனே கத்தும். எண்கள் இடம் மாறினால் அப்படிக் கத்தாது. 04172 என்பதும் ஒழுங்கான ஐந்து இலக்க எண்தானே.

நவம்பர் 12 அன்று அறிக்கை பரிசீலிக்கப்பட்டு, 200A பிரிவின் கீழ் அறிவிப்பு வந்தது. அதில் கட்டிய தொகையில் 18,400 ரூபாய் குறைவு, அதற்கு வட்டி 828 ரூபாய் என்று இருந்தது. பிடித்து, கட்டாமல் விட்டால் மாதத்துக்கு 1.5 சதவீதம் வட்டி. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று மூன்று மாதம், 4.5 சதவீதம், 828 ரூபாய். அந்த மின்னஞ்சல் எனக்கு முன்பு வேலை பார்த்தவரின் முகவரிக்குப் போயிருக்கிறது. வருமான வரித் துறையின் டி.டி.எஸ். தளமான ட்ரேசஸில் பழைய முகவரியை மாற்றாமல் விட்டது என்னுடைய இரண்டாவது தவறு.

எந்த இடத்தில் தவறு என்று முதலில் பாருங்கள்

இப்படி அறிவிப்பு வந்தால் பலரும் பதறிப்போய் முதலில் செய்வது, கேட்ட தொகையை இன்னொரு முறை கட்டுவது. செய்யாதீர்கள். கட்டினால் அந்தக் கோரிக்கை மறைவது போல இருக்கும். ஆனால் பழைய 18,400 ரூபாய் உரிமை கோரப்படாமல் அங்கேயே கிடக்கும். அதைத் திரும்பப் பெறத் தனி விண்ணப்பம், தனி அலைச்சல்.

ட்ரேசஸில் நுழைந்து `Statements / Payments` என்பதன் கீழ் `Challan Status` பாருங்கள். கட்டிய காலத்தைக் கொடுத்தால் நம் டானில் வந்த சலான்கள் எல்லாம் வரும். எங்களுக்கு அங்கே 04127 என்ற சலான் 18,400 ரூபாயுடன் `Unclaimed` என்று நின்றது. அதாவது, பணம் வந்திருக்கிறது, யாரும் இதைச் சொந்தம் கொண்டாடவில்லை. அறிக்கைப் பக்கம் போனால் 04172 என்ற சலான் பொருந்தவில்லை என்று நின்றது. ஒரு பக்கம் ஆளில்லாத பணம், இன்னொரு பக்கம் பணமில்லாத ஆட்கள், தொகை இரண்டிலும் ஒன்றே. இந்த ஜோடியைக் கண்டுவிட்டால் சந்தேகமே வேண்டாம், அறிக்கையில்தான் பிழை.

வங்கி நோட்டிலேயே தவறு இருந்தால் கதை வேறு. வேறொருவரின் டானில் கட்டிவிட்டால் அந்தச் சலான் நம் பட்டியலிலேயே வராது. அதற்கு அறிக்கையை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. சலானையே திருத்தக் கேட்டு வருமான வரித் துறையின் டி.டி.எஸ். அதிகாரியிடம் போக வேண்டும். தலைப்பு எண் போன்ற சில பிழைகளுக்கு ட்ரேசஸிலேயே சலான் திருத்தக் கோரிக்கை வைக்கலாம். சலான் கட்டும்போது பிரிவை மட்டும் மாற்றித் தேர்ந்திருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. அறிக்கையில் பெறுநர் வரிசையில் சரியான பிரிவு இருந்தால் போதும்.

தேதிக் குழப்பமும் அடிக்கடி வரும். சலான் ரசீதில் இரண்டு தேதிகள் அச்சாகியிருக்கும். நெஃப்ட் மூலம் அனுப்பினால் நாம் அனுப்பிய நாள் ஒன்று, வங்கி வரவு வைத்த நாள் இன்னொன்று ஆகலாம். எதைப் போடுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். சி.எஸ்.ஐ. கோப்பில் எந்தத் தேதி இருக்கிறதோ அதுதான் முதல் நோட்டின் தேதி. அதையே போடுங்கள்.

திருத்த அறிக்கை, படிப்படியாக

ஏற்கெனவே பதிந்த அறிக்கையை அழித்துப் புதிதாகப் பதிய முடியாது. அதன் மேல் திருத்த அறிக்கை ஒன்றைப் பதிய வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ட்ரேசஸ் தளத்திலேயே திரையில் திருத்துவது ஒன்று. ஒருங்கிணைந்த கோப்பைத் தரவிறக்கி, நம் கணினியில் திருத்தி, மறுபடி பதிவேற்றுவது இன்னொன்று. ஒரு சலான் எண் மட்டும் தவறு என்றால் முதல் வழி போதும். அதை விரிவாகச் சொல்கிறேன்.

`Defaults` என்பதன் கீழ் `Request for Correction` இருக்கிறது. நிதியாண்டு 2024-25, காலாண்டு Q2, படிவம் 26Q, திருத்த வகை `Online` என்று கொடுத்தால் ஒரு கோரிக்கை எண் வரும். உடனே திருத்தலாம் என்று நினைக்க வேண்டாம். `Track Correction Request` பக்கத்தில் அந்தக் கோரிக்கையின் நிலை `Available` என்று மாறும் வரை காத்திருக்க வேண்டும்.

மாறியதும் அதைச் சொடுக்கினால் நாம்தான் உரியவர் என்று நிரூபிக்கச் சொல்லும். முதல் அறிக்கையின் பதினைந்து இலக்க டோக்கன் எண், அந்த அறிக்கையில் உள்ள ஒரு சலானின் விவரம், அந்தச் சலானின் கீழ் வரும் பெறுநர்களில் மூன்று பேர் வரை அவர்களுடைய பான் எண்ணும் பிடித்த தொகையும் கேட்கும். புதியவர்கள் சிக்கும் இடம் இதுதான். இங்கே கேட்பது உண்மையான விவரத்தை அல்ல, அறிக்கையில் பதிந்திருக்கும் விவரத்தை. தவறான சலானையே இங்கே எடுத்தால் தவறான 04172 என்பதைத்தான் கொடுக்க வேண்டும். "சரியான எண்ணைத்தானே போடுறேன், ஏன் ஏத்துக்க மாட்டேங்குது" என்று நான் இருபது நிமிடம் முட்டிக்கொண்டேன். ஜூலை மாதச் சலான் போல ஒழுங்காகப் பொருந்திய ஒன்றை எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

உள்ளே போனதும் திருத்த வகைகளில் `Challan Correction` தேர்ந்தெடுங்கள். பொருந்தாத சலான்கள் தனிப் பட்டியலாக வரும். எங்கள் வரிசையைத் தேர்ந்து, 04172 என்பதை 04127 ஆக்கினேன். பி.எஸ்.ஆர். குறியீடு, தேதி, தொகை மூன்றையும் சலான் ரசீதை எதிரே வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். தளம் அந்தச் சலானைத் தேடி எடுத்து, அதில் எவ்வளவு தொகை இன்னும் பயன்படாமல் இருக்கிறது என்று காட்டும். நாம் கோரும் தொகை அதற்குள் அடங்க வேண்டும். எங்களுக்கு 18,400 ரூபாயும் அப்படியே இருந்தது. அதே சலானை வேறொரு காலாண்டில் பாதி பயன்படுத்தியிருந்தால் இந்த இடத்தில் இடிக்கும்.

பெறுநர் வரிசைகளில் எதையும் தொடவில்லை. பான், பில் தொகை, பிடித்த வரி எல்லாம் முதலிலேயே சரி. திருத்தத்தில் தேவையில்லாத இடத்தில் கை வைத்தால், இருந்த பிழை போய்ப் புதுப் பிழை வரும்.

சேமித்து, உறுதிப்படுத்தி, சமர்ப்பித்தால் வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை. நாம் துணைப் பயனராக நுழைந்திருந்தால் அது முதலில் நிறுவனத்தின் முதன்மைப் பயனரிடம் போகும். அவர் நுழைந்து அனுமதித்த பிறகுதான் `Submitted to ITD` என்று மாறி, புது டோக்கன் எண் வரும். பட்டறை முதலாளி ஊரில் இல்லாமல் இந்தப் படியில் நாட்கணக்கில் தூங்கிய திருத்தங்களைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஆகஸ்ட் 14 அன்று சமர்ப்பித்தோம், 19 அன்று `Processed` ஆனது. 18,400 ரூபாய்க் குறைவும் அதன் மேல் ஏறியிருந்த வட்டியும் கோரிக்கைப் பட்டியலிலிருந்து நீங்கின. அறிக்கை முதலில் நேரத்துக்குப் பதிந்ததால் தாமதக் கட்டணம் இல்லை; நாளுக்கு 200 ரூபாய் என்ற அந்தக் கட்டணம் திருத்தத்துக்குக் கிடையாது.

கோப்பு வழியில் போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ட்ரேசஸிலிருந்து எடுக்கும் ஒருங்கிணைந்த கோப்பு கடைசியாக ஏற்கப்பட்ட திருத்தம் வரை சேர்ந்ததாக இருக்க வேண்டும். போன மாதம் எடுத்த கோப்பில் இந்த மாதம் வேலை செய்து அனுப்பினால், நடுவில் இன்னொரு திருத்தம் நடந்திருந்தால் நிராகரிக்கப்படும். ஏற்கெனவே பொருந்திவிட்ட சலானின் விவரத்தை அந்த வழியில் மாற்றவும் முடியாது.

காலக்கெடு முன்பைவிட மிகவும் சுருங்கிவிட்டது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் எத்தனை வருடம் கழித்தும் திருத்தலாம் என்றிருந்ததை, 2025 ஏப்ரலிலிருந்து ஆறு ஆண்டு என்று கட்டினார்கள். 2026 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் அது இரண்டே ஆண்டு. அறிக்கை பதிய வேண்டிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து எண்ண வேண்டும். எங்கள் அறிக்கை பதிய வேண்டியது 2024 அக்டோபரில். அந்த நிதியாண்டு முடிந்தது 2025 மார்ச்சில். ஆகவே வாசல் மூடுவது 2027 மார்ச் 31. பழைய கணக்குகளில் `Unclaimed` என்று எதையாவது விட்டு வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெறுநர்களிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது

என்னைக் கேட்டால் திருத்தத்தைவிட இதுதான் கடினம். பிழை நம்முடையது, அடி விழுவது அவர்கள் மேல். அவர்கள் தாங்களாக எதையும் சரிசெய்ய முடியாது. அவர்கள் பெயரில் ஏறிய வரி வரவைக் காட்டும் 26AS படிவத்தில் நம் பெயரும் தொகையும் இருக்கும், பக்கத்தில் `U` என்ற ஓர் எழுத்து நிற்கும். பிடித்தவர் வரியைக் கட்டவில்லை, அல்லது கட்டிய விவரத்தைத் தவறாகக் கொடுத்திருக்கிறார் என்று அதற்குப் பொருள். படிப்பவர் கண்ணில் முதல் பாதிதான் படும். "புடிச்ச காசை அமுக்கிட்டாங்க" என்று நினைப்பதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. சலான் பொருந்தினால் அந்த எழுத்து `F` ஆகும். அப்போதுதான் வரவு இறுதி. `O` என்று இருந்தால் சலானில் இருப்பதைவிட அதிகமாகக் கோரியிருக்கிறோம் என்று அர்த்தம். அது வேறு நோய், வேறு மருந்து.

எங்களிடமே ஓர் ஆதாரம் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. 2024 நவம்பரில் வரி பிடித்ததற்காக ட்ரேசஸிலிருந்து எடுத்துக் கொடுத்த 16A சான்றிதழில், சலான் விவரத்துக்குப் பக்கத்தில் பொருத்த நிலை என்று ஒரு கட்டம் இருக்கிறது. மூன்று சான்றிதழிலும் அதில் `U` என்று அச்சாகியிருந்தது. நாங்களே கையெழுத்துப் போட்டு, நாங்களே அனுப்பியிருக்கிறோம்.

சட்டப்படி நாம் பெறுநருக்குக் கொடுக்க வேண்டியது அந்தச் சான்றிதழ். அறிக்கையின் கெடு தேதியிலிருந்து பதினைந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். திருத்தம் நடந்தால் பழைய சான்றிதழ் உண்மையைச் சொல்லாது என்பதால் புதிதாக எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது. பிழை தெரிந்த அன்றே ஒரு தகவல், திருத்தம் முடிந்ததும் சான்றிதழோடு இன்னொரு தகவல், இந்த இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் வழக்கம். திருத்தம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால், அந்த இடைவெளியில் அவர் தன் வருமான வரிக் கணக்கை அந்தத் தொகை இல்லாமலே பதிந்துவிடக்கூடும்.

ஆகஸ்ட் 13 அன்று பவுடர் கோட்டிங் நிறுவனத்துக்கு நான் அனுப்பியது இது:

> வணக்கம். 2024 செப்டம்பர் மாதம் உங்கள் கூலி பில் ரூ. 5,00,000-க்கு 194C பிரிவில் நாங்கள் பிடித்த வரி ரூ. 10,000. இந்தத் தொகை 07-10-2024 அன்று சலான் எண் 04127 மூலம் கட்டப்பட்டுவிட்டது.
>
> எங்கள் 26Q அறிக்கையில் (2024-25, இரண்டாம் காலாண்டு) சலான் எண் தவறுதலாக 04172 என்று பதிவாகிவிட்டது. பிழை எங்களுடையது. இதனால் உங்கள் 26AS படிவத்தில் இந்த வரி மட்டும் U என்று காட்டும். மற்ற மாதங்களின் பிடித்தத்தில் மாற்றம் இல்லை.
>
> திருத்த அறிக்கை பதிந்துகொண்டிருக்கிறோம். உங்கள் பில் தொகையோ பிடித்த வரியோ மாறாது. நிலை மட்டும் F ஆகும். அதுவரை நவம்பர் 2024-இல் நாங்கள் கொடுத்த 16A சான்றிதழைப் பயன்படுத்த வேண்டாம். திருத்தம் முடிந்ததும் புதிய சான்றிதழ் அனுப்புகிறோம். உங்கள் ஆடிட்டருக்கு இதை அனுப்பிவிடுங்கள். வருமான வரிக் கணக்கை ஏற்கெனவே பதிந்துவிட்டீர்களா என்று தெரிவியுங்கள்.

சலான் மொத்தம் 18,400 என்பதையோ மற்ற இருவரின் தொகையையோ இதில் நான் எழுதவில்லை. ஒரே சலானில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பது நம் வசதி; ஒருவரின் வியாபாரம் இன்னொருவருக்குத் தெரிய வேண்டியதில்லை. மூவரையும் ஒரே மின்னஞ்சலில் கோர்த்து, எக்செல் தாளை இணைத்து அனுப்புவதை நிறைய அலுவலகங்களில் பார்க்கிறேன். பான் எண்கள் உட்பட எல்லாம் அதில் இருக்கும். வேண்டாம்.

கடைசியில் கேட்ட அந்தக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் ஒவ்வொருவருக்கும் அடுத்த வேலை மாறும்.

பவுடர் கோட்டிங்காரர்களுக்குத் தணிக்கை உண்டு, கணக்கு இன்னும் பதியவில்லை. அவர்கள் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டும். நிலை `F` ஆனதும் வழக்கம்போல் கோரலாம். பிளேட்டிங்காரர்கள் பதிந்துவிட்டார்கள், துறையிலிருந்து இன்னும் எதுவும் வரவில்லை. அவர்களுக்கு நான் சொன்னது, தங்கள் கணக்கில் அந்த 6,000 ரூபாயைக் கோரியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்கச் சொல்லித்தான். கோரியிருந்தால் பரிசீலனைக்கு முன்பே நிலை மாறிவிடும் வாய்ப்பு உண்டு. கோராமல் விட்டிருந்தால் திருத்திய கணக்குப் பதிய வேண்டும்.

வெல்டிங் பட்டறைக்காரருக்குத்தான் பாதிப்பு நடந்தே விட்டது. அவர் கணக்கைப் பரிசீலித்துத் துறை அனுப்பிய 143(1) அறிவிப்பில் 2,400 ரூபாய் மறுக்கப்பட்டிருந்தது. இந்த நிலையில் கணக்கை மாற்றிப் பதியச் சொல்லக் கூடாது, அவர் கணக்கில் தவறே இல்லை. 26AS-இல் `F` வந்த பிறகு வருமான வரித் தளத்தில் `Rectification` பகுதிக்குப் போய் `Reprocess the Return` என்று கேட்டால் போதும். அவசரப்பட்டு `F` வருவதற்கு முன்பு கேட்டால் அதே விடைதான் மறுபடியும் வரும். இதை அவரிடம் தேதி சொல்லி அழுத்திச் சொன்னேன்.

யாராவது "வரி பாக்கி கட்டு" என்று கோரிக்கை வந்திருப்பதாகச் சொன்னால், அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். பிடிக்கப்பட்ட வரியைப் பெறுநரிடமே மறுபடி கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அறிவிப்பு அனுப்புவது கணினி. அது 26AS-ஐத்தான் பார்க்கும். ஆகவே கோரிக்கைக்குத் தளத்தில் மறுப்புத் தெரிவிக்க நம் சலான் ரசீதும் நம் கடிதமும் அவர் கையில் இருக்க வேண்டும். "பிழை எங்களுடையது" என்று எழுதித் தரத் தயங்கும் முதலாளிகள் உண்டு. அந்த ஒரு வரிதான் பெறுநருக்கு உண்மையில் உதவும்.

திருத்தம் முடிந்த பிறகு

`Processed` என்று வந்ததும் பெறுநரின் 26AS-இல் உடனே மாறிவிடாது, சில நாட்கள் எடுக்கும். மாறும்போது பழைய வரிசைக்குக் குறிப்பாக `B` என்ற எழுத்தும், சில சமயம் கழித்தல் குறியோடு ஒரு வரிசையும், பக்கத்தில் புது வரிசையும் தோன்றலாம். பிடித்தவர் தன் அறிக்கையைத் திருத்தியிருக்கிறார் என்பதற்கான அடையாளம்தான் `B`. மைனஸைப் பார்த்துப் பயந்து பிளேட்டிங்காரரின் கணக்குப்பிள்ளை போன் செய்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் 6,000 ரூபாய் ஒரே ஒரு முறைதான் நிற்கும், அதன் எதிரே `F` இருக்கும் என்று சொன்னேன். இதையும் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம்.

16A-ஐ மறுபடி எடுத்தபோது மூன்று தாளிலும் பொருத்த நிலைக் கட்டத்தை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுப் பார்த்தேன். மூன்றும் `F`. சான்றிதழில் கடைசியாகப் புதுப்பித்த தேதி இருக்கும். இரண்டாவது தகவலில் அந்தத் தேதியையும் சான்றிதழ் எண்ணையும் குறிப்பிட்டு, பழையதைக் கிழித்துப் போடச் சொல்லி அனுப்பினேன்.

வெல்டிங் பட்டறைக்காரர் செப்டம்பர் முதல் வாரத்தில் மறுபரிசீலனை கேட்டார். அவருக்குத் தளத்தில் நுழையத் தெரியாது, பையன் செய்து கொடுத்தான். பணம் ஏறிய அன்று போன் வந்தது. "வந்துருச்சுங்க மேடம். அடுத்த பில்லுக்கு ஒரு தடவை எண்ணைப் பாத்துப் போடுங்க."